கோரிப்பாளையத்தில் மட்டும் காணாமல் போன ‘ஷாக்’: ஹாஷ் மோதல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கமும் குடியிருப்போர் சிலர் சேர்ந்து ஒரு தன்னார்வக் குழு நடத்துகிறார்கள். தெருவில் எது கெட்டுப்போனாலும் மக்கள் அவர்களுக்கு ஒரு செய்தி தட்டிவிடுவார்கள். குழு அதைப் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்பும். குடிநீர், சாக்கடை, குப்பை, சாலை, தெருவிளக்கு, மின் ஆபத்து என்று ஆறு தலைப்புகள். முதல் ஐந்தில் ஒன்று மாறிப்போனால் ஒரு நாள் தாமதம்தான். ஆறாவது அப்படியில்லை. ஐப்பசி மழையில் விளக்குக் கம்பத்தில் மின்சாரம் கசிகிறது என்று வரும் செய்தி சாலைப் புகார்களுக்கு நடுவில் மறுநாள் காலை வரை கிடக்கக் கூடாது.

செய்திகளைப் பிரிக்க ஒரு நேர்கோட்டு மாடல் வைத்திருந்தார்கள். 1 ஜிபி நினைவகம் உள்ள சின்ன வாடகை சர்வரில் அது ஓடியது. சேர்ந்திருந்த சில லட்சம் பழைய செய்திகளில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். புதிதாக வருபவற்றை ஆட்கள் சரிபார்க்கச் சரிபார்க்க மாடல் தொடர்ந்து கற்றுக்கொண்டே இருக்கும். அதில் வந்த இரண்டு பிழைகளைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டுமே வேறு வேறு சொற்கள் ஒன்றாகக் கலந்துபோவதால் வந்தவை. ஆனால் கலந்த இடம் வேறு, காரணமும் வேறு. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்த விதம்தான் இந்த ஆய்வில் முக்கியம்.

சொற்களை எண்களாக்க அந்த மாடல் ஹாஷ் உத்தியைப் பயன்படுத்தியது. முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். வழக்கமான முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எண் கொடுத்து அகராதி வைத்துக்கொள்வோம்: ‘தண்ணி’ 17ஆவது பத்தி, ‘வரல’ 18ஆவது பத்தி என்று. தமிழில் இந்த அகராதிக்கு முடிவே கிடையாது. தண்ணி, தண்ணீர், தண்ணீரே, தண்ணியும், தண்ணிக்கு, தண்ணியில்லாம என்று ஒரே சொல் விரிந்துகொண்டே போகும். எழுத்துப்பிழைகளும் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழும் அதன் மேல் சேரும். ‘தண்ணி வரல’ போன்ற அடுத்தடுத்த சொற்சோடிகளையும் அம்சங்களாக எடுத்தபோது குழுவிடம் சுமார் 15 லட்சம் தனித்தனி அம்சங்கள் வந்தன. பைத்தானில் இதற்கு அகராதி வைத்தால், தமிழ்ச் சரம், அதன் எண், அகராதிக்குள் அதற்கான இடம் எல்லாம் சேர்ந்து ஒரு அம்சத்துக்குச் சுமார் 200 பைட் போகும். மொத்தம் ஏறக்குறைய 300 எம்பி. அதுவும் தினமும் வளரும்.

ஹாஷ் உத்தியில் அகராதியே இல்லை. சொல்லை MurmurHash3 போன்ற ஒரு ஹாஷ் சார்பில் போட்டால் ஒரு 32 பிட் எண் கிடைக்கும். அதை மொத்தக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்த மீதிதான் அந்தச் சொல்லின் கட்டம். முன்பின் பார்த்திராத சொல் வந்தாலும் அதற்கும் ஒரு கட்டம் உடனே கிடைத்துவிடும், எதையும் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. நினைவகம் முன்கூட்டியே தெரியும்: ஆறு தலைப்பு, ஒரு எடைக்கு 8 பைட் என்றால் 2^18 கட்டங்களுக்கு 12 எம்பி. குழு அந்த 2^18-ஐத்தான் வைத்திருந்தது. Vowpal Wabbit கருவியின் இயல்பு அமைப்பும் 18 பிட்தான் என்பதால் பலரும் அங்கிருந்தே தொடங்குவார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை மோதல். 2^18 என்றால் 2,62,144 கட்டங்கள். அதைவிட அதிகமான சொற்கள் வந்தால் சில சொற்கள் ஒரே கட்டத்தில் விழுந்தே தீரும். மாடலுக்கு அவை ஒரே சொல்தான், ஒரே எடைதான்.

இனி முதல் பிழை. தொடக்கத்தில் குழு தனிச்சொற்களை மட்டும், scikit-learn-இல் இருக்கும் `HashingVectorizer`-இல், கட்டங்களின் எண்ணிக்கையைத் தவிர மற்றதையெல்லாம் இயல்பு அமைப்பில் வைத்துப் பயன்படுத்தியது. ‘கடை வாசல்ல பள்ளம்’ என்று வந்த செய்திகள் சாக்கடைத் தலைப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. ‘கடை’யும் ‘சாக்கடை’யும் ஒரே கட்டத்தில் விழுந்திருக்கும் என்று குழுவில் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு: கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி பயிற்சி கொடுப்பது. மோதல்தான் காரணம் என்றால், 2^22-க்குப் போகும்போது அந்த இரண்டு சொற்களும் அநேகமாகப் பிரிந்துவிடும், பிழையும் போய்விடும். கூட்டிப் பார்த்தோம். பிழை அப்படியே இருந்தது.

அப்படியென்றால் சொற்கள் ஹாஷுக்குப் போவதற்கு முன்பே கலந்திருக்கின்றன. சொற்களைப் பிரிக்கும் பகுதியை மட்டும் தனியாக ஓட்டினால் விஷயம் தெரிந்துவிடும்.

```python
from sklearn.feature_extraction.text import HashingVectorizer

a = HashingVectorizer().build_analyzer()
a("சாக்கடை அடைப்பு")   # ['கட', 'அட']
a("கடை வாசல்")         # ['கட', 'சல']
```

இயல்பு அமைப்பில் சொல்லைக் கண்டுபிடிக்கும் கோவை `\b\w\w+\b`. பைத்தானின் `re` தொகுப்பில் `\w` என்பது எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும் ஏற்கும். தமிழின் துணைக்கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகள் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் இல்லை, எழுத்தோடு சேரும் குறி என்ற வகையில் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு குறியும் ஒரு இடைவெளி போல நடந்து சொல்லை வெட்டுகிறது. இரண்டு எழுத்துக்குக் குறைந்த துண்டுகள் வீசப்படுகின்றன. ‘சாக்கடை’யில் மிஞ்சுவது ‘கட’, ‘கடை’யில் மிஞ்சுவதும் ‘கட’. ‘குப்பை’யில் எதுவுமே மிஞ்சாது. ‘ரோடு’ம் அப்படியே. ‘ஷாக்’ என்ற சொல் அதுவரை மாடலின் கண்ணிலேயே பட்டதில்லை.

தமிழ்ச் செய்திகளை வகைப்படுத்துகிறவர்கள் மாடலைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டு வரியை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. ஹாஷ் உத்தியில் இந்தப் பிழை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்கிறது. அகராதி இருந்தால் அதைத் திறந்து பார்த்தவுடனே ‘கட’, ‘அட’, ‘சல’ என்று கண்ணை உறுத்தும். ஹாஷில் திறந்து பார்க்க எதுவும் இல்லை, எண்கள் மட்டும்தான்.

சரிசெய்வது எளிது. கோவையில் தமிழ் யூனிகோடு வரம்பைச் சேர்த்து `[\w\u0b80-\u0bff]+` என்று மாற்றினால் போதும். கூடவே ஒவ்வொரு செய்தியையும் முதலில் NFC வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஹாஷுக்கு இரண்டும் வேறு வேறு.

கடைப் புகார்கள் சரியான இடத்துக்கு வந்தன. அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. வெட்டுப்பட்ட துண்டுகள் இருந்தவரை அம்சங்கள் குறைவு, 2^18 தாராளமாகப் போதும். முழுச் சொற்களும், அப்போதே சேர்த்த சொற்சோடிகளும் வந்தபின் அம்சங்கள் 15 லட்சம். கட்டங்களோ அதே 2,62,144. இரண்டாவது பிழைக்கு வழி திறந்தது இங்கேதான்.

அதைக் கண்டுபிடித்தது நிரல் எழுதுகிறவர்கள் இல்லை, செய்திகளைச் சரிபார்க்கும் ஒரு தங்கைதான். “அண்ணே, கோரிப்பாளையத்துல மட்டும் ஷாக் அடிச்சா இதுக்குத் தெரியமாட்டேங்குது” என்றாள். செல்லூரிலிருந்து ‘கம்பத்துல ஷாக் வருது’ என்று வந்தால் மின் ஆபத்துக்குப் போகிறது. ‘கோரிப்பாளையம் கம்பத்துல ஷாக் வருது’ என்று வந்தால் தெருவிளக்குக்குப் போகிறது. அதையே ‘கோரிப்பாளையத்துல’ என்று எழுதியிருந்தால் மறுபடியும் சரியாகப் போகிறது! ஊர்ப்பெயரின் ஒரு வடிவத்துக்கு மட்டும் இப்படி நடக்கிறது என்பது பெரிய துப்பு. மனிதர்கள் செய்திகளைத் தப்பாகக் குறித்ததால் வந்த பிழை என்றால், எல்லா வடிவத்துக்கும்தான் வரவேண்டும்.

முதல் பிழைக்குச் செய்த அதே சோதனையைச் செய்தோம். இந்தத் தடவை 2^22-இல் பிழை மறைந்தது. மோதல்தான். எதோடு எது மோதுகிறது என்று பார்க்க, பயிற்சிச் செய்திகளின் எல்லாச் சொற்களையும் ஒருமுறை ஓடவிட்டு, எந்தக் கட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பதிவேடு எடுத்தோம். இதைச் சின்ன சர்வரில் செய்ய வேண்டியதில்லை, வீட்டுக் கணினியில் ஒருமுறை செய்தால் போதும்.

```python
from sklearn.utils import murmurhash3_32

def kattam(sol, munnottu, bits=18):
    h = murmurhash3_32(munnottu + sol, seed=0)
    return abs(h) % 2**bits, (1 if h >= 0 else -1)
```

`munnottu` என்பது குழு எல்லாச் சொற்களுக்கும் முன்னால் சேர்க்கும் ஒரு சிறு சரம். scikit-learn ஹாஷின் விதையை 0 என்றே வைத்திருக்கிறது, வெளியிலிருந்து மாற்ற வழியில்லை. கட்டங்களை வேறு விதமாகக் கலைத்துப் பார்க்க வேண்டுமென்றால் இந்த முன்னொட்டை மாற்றினால் போதும்.

பதிவேட்டில் ‘ஷாக்’ இருந்த அதே கட்டத்தில் ‘கோரிப்பாளையம்’ இருந்தது. கூடவே ஒரே ஒரு முறை வந்த சில சொற்சோடிகளும் இருந்தன, அவற்றால் தொந்தரவில்லை. முக்கியமானது அந்தச் சார்பு திருப்பித் தரும் இரண்டாவது எண், அதாவது குறி. ‘கோரிப்பாளையம்’ கட்டத்தில் +1 போடுகிறது, ‘ஷாக்’ அதே கட்டத்தில் −1 போடுகிறது.

இந்தக் குறி எதற்கு? கிலியன் வைன்பெர்கர், ஜான் லாங்ஃபோர்டு உள்ளிட்ட ஐவர் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கான காரணம் இருக்கிறது. குறி இல்லாமல் வெறும் எண்ணிக்கைகளைக் கட்டங்களில் கொட்டினால், ஒவ்வொரு மோதலும் இரண்டு செய்திகளின் ஒற்றுமையைக் கூட்டியே காட்டும், ஒருபோதும் குறைக்காது. பாதிச் சொற்கள் கூட்டலாகவும் பாதி கழித்தலாகவும் விழும்படி செய்தால், இரண்டு செய்திகளின் உட்பெருக்கம் சராசரியில் சரியான மதிப்பிலேயே நிற்கும். மோதல் தரும் பிழை ஒரு பக்கம் சாயாமல் இரண்டு பக்கமும் சிதறும்; கட்டங்கள் கூடக்கூட அந்தச் சிதறலும் குறையும்.

ஆனால் அந்தச் சராசரி எதன் மேல் எடுத்த சராசரி என்று கவனிக்க வேண்டும். எல்லா ஹாஷ் சார்புகளின் மேலும் எடுத்த சராசரி அது. நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு சார்பு, அதுவும் மாறாதது. அதில் மாட்டிக்கொண்ட ஒரு குறிப்பிட்ட சோடிக்கு அந்த உத்தரவாதம் எதையும் செய்வதில்லை.

இந்தச் சோடிக்கு நடந்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம். ‘கோரிப்பாளையம்’ ஏராளமான செய்திகளில் வரும். அவற்றில் பெரும்பாலானவை மின் ஆபத்து பற்றியவை அல்ல. அதனால் மின் ஆபத்துத் தலைப்பில் அந்தக் கட்டத்தின் எடை கழித்தல் பக்கம் நகர்கிறது. ‘ஷாக்’ வரும் செய்திகள் மின் ஆபத்து பற்றியவை. அங்கே கட்டத்தின் மதிப்பு −1 என்பதால், அவையும் எடையைக் கழித்தல் பக்கமே தள்ளுகின்றன. இரண்டும் ஒரே திசை. ஆகவே ‘ஷாக்’ தனியாக வந்தால், −1ஐக் கழித்தல் எடையால் பெருக்கிக் கூட்டல் மதிப்பெண் வருகிறது, முடிவு சரியாக இருக்கிறது. செல்லூர்ச் செய்தி தப்பித்தது இப்படித்தான். இரண்டும் ஒரே செய்தியில் வந்தால் +1, −1 சேர்ந்து கட்டம் பூஜ்யமாகிவிடுகிறது. ‘ஷாக்’ அந்தச் செய்தியில் இல்லவே இல்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. மிச்சம் இருப்பது ‘கம்பத்துல’ என்ற சொல், அது தெருவிளக்குப் பக்கம் இழுக்கிறது.

‘ஷாக் அடிக்குது’ என்ற சோடி தனி அம்சம், அதற்குத் தனிக் கட்டம். அப்படி எழுதியவர்களின் செய்தி கோரிப்பாளையத்திலிருந்து வந்தாலும் பெரும்பாலும் தப்பித்தது. ‘ஷாக் வருது’, ‘ஷாக் குடுக்குது’ போன்று அரிதாக வரும் சோடிகளுக்கு அந்தப் பலம் இல்லை.

குறிகள் இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ‘ஷாக்’ எடையை ஒரு பக்கம் இழுக்கும், ‘கோரிப்பாளையம்’ எதிர்ப்பக்கம் இழுக்கும். அடிக்கடி வருவதுதான் ஜெயிக்கும். ‘ஷாக்’கின் பலம் மதுரை முழுக்கவும் கொஞ்சம் குறைந்திருக்கும், எந்த ஒரு பகுதியிலும் தனித்துத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். ஆபத்து அதிலும் குறைவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். 15 லட்சம் அம்சங்களை 2.62 லட்சம் கட்டங்களில் போட்டால் மோதல் எவ்வளவு இருக்கும்? ஓர் அம்சம் தன் கட்டத்தை வேறு எதோடாவது பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய `1 - e^(-n/m)`. இங்கே n என்பது அம்சங்கள், m என்பது கட்டங்கள். 2^18-இல் இது 99.7 சதவீதம். கிட்டத்தட்ட எந்தச் சொல்லுக்குமே தனிக் கட்டம் இல்லை. ஆனாலும் மற்ற தலைப்புகளில் மாடல் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எப்படி?

15 லட்சத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு முறை வந்தவை. அவை எங்கே விழுந்தாலும் எடையை அசைக்கும் பலம் அவற்றுக்கு இல்லை; புதிய செய்தியில் மறுபடி வரும் வாய்ப்பும் குறைவு. ‘தண்ணி’யோடு ஐந்தாறு அரிய சோடிகள் ஒரே கட்டத்தில் இருந்தாலும் அந்தக் கட்டத்தின் எடையைத் தீர்மானிப்பது ‘தண்ணி’தான். உண்மையிலேயே முடிவைத் தீர்மானிக்கும் அம்சங்கள் சுமார் 3,000 என்று வைத்துக்கொண்டால், அவற்றுக்குள் ஒன்றோடொன்று மோதும் சோடிகளை 2^18-இல் சுமார் 17 என்று எதிர்பார்க்கலாம். 3,000 அம்சங்களில் உருவாகக்கூடிய ஏறக்குறைய 45 லட்சம் சோடிகளைக் கட்ட எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. 2^20-இல் 4, 2^22-இல் 1.

ஆகவே 99.7 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுவதும் சரியில்லை, மொத்தத் துல்லியம் குறையவில்லை என்று நிம்மதியாக இருப்பதும் சரியில்லை. அந்த 17 சோடிகளில் ‘குப்பை’யும் ‘லாரி’யும் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அரிதாக வந்தாலும் முக்கியமான ஒரு சொல், அடிக்கடி வரும் ஒரு சொல்லோடு மாட்டிக்கொள்வதுதான் கெடுதல். மின் ஆபத்துச் செய்திகள் மொத்தத்தில் கொஞ்சம்தான் என்பதால், அவற்றில் பாதி தவறினாலும் மொத்தத் துல்லியத்தில் அது தெரியாது. தலைப்புவாரியாகப் பிரித்து, அதிலும் மின் ஆபத்தில் எத்தனை செய்தி தவறிப்போனது என்று தனியாகப் பார்த்தால்தான் தெரியும்.

முன்னொட்டை மாற்றலாமே என்று ஒருவர் கேட்டார். மாற்றினால் இந்த மோதல் போய்விடும், வேறு 17 வரும். அவை எவை என்று பார்க்காமல் மாற்றினால், தெரிந்த பிழையைக் கொடுத்துத் தெரியாத பிழையை வாங்கியதாகத்தான் ஆகும். முன்னொட்டை மாற்றுவது நல்ல சோதனை: அதே அமைப்பில் வேறு முன்னொட்டோடு பயிற்சி கொடுத்து, எந்தச் செய்திகளின் முடிவு மாறுகிறது என்று பார்த்தால், மோதலால் ஆடிக்கொண்டிருக்கும் செய்திகள் எவை என்று தெரிந்துவிடும். தீர்வாக அதை நான் பரிந்துரைக்கவில்லை.

கடைசியில் இரண்டு வேலை செய்தோம். ஒன்று, கட்டங்களை 2^22-க்கு உயர்த்தினோம். எடைகளுக்கு 192 எம்பி. 1 ஜிபி சர்வரில் இது அடங்கும். 2^24 போனால் 768 எம்பி ஆகி மூச்சு முட்டும். 2^22-இல்கூட ஓர் அம்சம் கட்டத்தைப் பகிரும் வாய்ப்பு 30 சதவீதம். அதனால் இரண்டாவது வேலையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: ஆபத்தைச் சொல்லும் சில சொற்களை ஹாஷை நம்பி விடவில்லை. ஷாக், கரண்ட், கசிவு, அறுந்து, ஒயர், பொறி என்று குழுவினர் தங்கள் அனுபவத்திலிருந்து ஒரு சிறு பட்டியல் எழுதினார்கள். அவற்றின் வடிவங்களோடு சேர்த்து அதற்கு மட்டும் பழையபடி அகராதியும் தனிப் பத்திகளும் கொடுத்தோம்.

```python
from sklearn.pipeline import FeatureUnion
from sklearn.feature_extraction.text import (
    CountVectorizer, HashingVectorizer)

tp = r"[\w\u0b80-\u0bff]+"
x = FeatureUnion([
    ("aabathu", CountVectorizer(vocabulary=pattiyal, token_pattern=tp)),
    ("ellaam", HashingVectorizer(n_features=2**22, ngram_range=(1, 2),
                                 token_pattern=tp)),
])
```

முன்னொட்டும் NFC மாற்றமும் இதில் சேர்க்காமல் சுருக்கிக் காட்டியிருக்கிறேன். பட்டியல் முன்கூட்டியே கொடுக்கப்படுவதால் `CountVectorizer` புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. தொடர்ந்து கற்கும் ஓட்டம் தடைபடாது. சில பத்திகள் கூடியதால் நினைவகத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. பட்டியலில் உள்ள சொல் ஹாஷ் பக்கம் எதோடு மோதினாலும், அதற்கென்று மோதாத ஓர் எடை இந்தப் பக்கம் இருக்கிறது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பட்டியலில் இல்லாத வடிவத்தில் யாராவது எழுதினால் அது மறுபடி ஹாஷின் கையில்தான். ஆங்கில எழுத்தில் `shock adikudhu` என்று வருபவை நிறைய, அவற்றின் வடிவங்களும் நிறைய. அதனால் அந்தப் பதிவேட்டை மாதம் ஒருமுறை வீட்டுக் கணினியில் திரும்ப எடுத்து, மின் ஆபத்து என்று ஆட்கள் திருத்திக் குறித்த செய்திகளின் சொற்கள் எந்தக் கட்டத்தில் யாரோடு இருக்கின்றன என்று பார்க்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பட்டியலில் சொல் சேரும்போது பத்திகளின் எண்ணிக்கை மாறும், பழைய எடைகள் இடம் பிசகிவிடும். ஆகவே பட்டியல் மாறும் அன்று மட்டும் முழுப் பயிற்சியையும் முதலிலிருந்து ஓட்டுகிறார்கள்.